டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதும் டச் மந்தமா? ரீசெட் அடிக்காதீர்கள்

புது டெம்பர்டு கிளாஸும் தடித்த கேஸும் போட்ட மறுநாளே கீபோர்டில் ‘p’ எழுத்தும் பேக்ஸ்பேஸும் மூன்று முறை தட்டினால்தான் விழுந்தன. “சாஃப்ட்வேர் கோளாறு, ரீசெட் பண்ணுங்க” என்றார் ஒட்டிக்கொடுத்தவர். பண்ணியாயிற்று. ஆப்களை எல்லாம் திரும்ப ஏற்றி ஒரு நாள் வீணானதுதான் மிச்சம், ‘p’ பழையபடியே மக்கர்.

குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள Pointer location. (Build number மேல் 7 முறை தட்டினால் அந்த மெனு திறக்கும்.) அதை ஆன் செய்து, விரலை எடுக்காமல் திரையில் இழுத்தால் போன வழியெல்லாம் கோடு விழும். நடுவில் கோடு எங்கும் அறவில்லை. வலது ஓரத்தில் மட்டும் துண்டு துண்டாகிப் போனது. கேஸைக் கழற்றியதும் பாதி சரியானது. கிளாஸையும் உரித்ததும் ஓரம்வரை முழுக்கோடு. ஆக, டிஸ்ப்ளேயில் ஒரு பழுதும் இல்லை.

நடந்தது இதுதான்: கேஸின் உதடு கிளாஸின் விளிம்பை நெம்பி மேலே தூக்கியிருந்தது. சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் வெளுத்த பட்டையாகத் தெரியும், அது உள்ளே புகுந்த காற்று. பலரும் கண்ணாடியின் தடிமனைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் விரலின் மின்புலத்தைக் கடத்துவதில் கண்ணாடி காற்றைவிட ஏறத்தாழ 7 மடங்கு மேல். 0.1 மி.மீ. காற்று இடைவெளி 0.7 மி.மீ. கண்ணாடிக்குச் சமம் என்றால், வழக்கமான 0.33 மி.மீ. கிளாஸ் ஒரு பொருட்டே அல்ல. ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸ் வாங்கினால் இதே வில்லங்கம் நடுத்திரையில் வரும்.

இடையில், கையுறையோடு தொட்டாலும் திரை உணர்வதற்கான க்ளவ் மோடையும் போட்டுப் பார்த்தது உண்டு. சாம்சங்கில் Settings > Display > Touch sensitivity. ஐபோனில் இப்படி ஒரு சுவிட்சே கிடையாது. போட்டதும் அறுந்த கோடு ஓரளவு சேர்ந்தது. ஆனால் இந்த மோடு மெல்லிய சிக்னலையும் தொடுதலாக எடுத்துக்கொள்வதால், திரையில் தண்ணீர்த் துளி பட்டாலும் ஆப் திறந்தது. மட்டமான சார்ஜரில் செருகியபோது தொடாமலே எழுத்து விழுந்தது. மெல்லிய கையுறைக்கு இது சரி. பஞ்சு வைத்த தடித்த கையுறைக்கு இதுவும் போதாது. விரல் நுனியில் கடத்தும் நூல் வைத்த கையுறைக்குத் தேவையே இல்லை.

கடைசியில் தீர்த்தது, முழுப்பரப்பும் பசை கொண்ட, விளிம்பு சற்று உள்ளடங்கிய கிளாஸ். பசையை மூடியிருக்கும் ஷீட்டை உரிக்காமல் திரைமேல் வைத்து, கேஸைப் போட்டு, சுற்றிலும் முடியளவாவது இடைவெளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஒட்டியது. மோடை ஆஃப் செய்தும் ‘p’ ஒரே தட்டில் விழுகிறது. திரைக்குள் கைரேகை சென்சார் உள்ள போன் என்றால், பழைய ரேகையை அழித்துவிட்டுப் புது கிளாஸ் மேலேயே மறுபடி பதியுங்கள்.