அட்வான்ஸில் 35,990 ரூபாய் பிடித்தம்: பழைய வண்ணாரப்பேட்டையில் திரும்ப வாங்கிய கதை

70,000 ரூபாய் அட்வான்ஸில் 35,990 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றார் ஹவுஸ் ஓனர். கடைசியில் 65,000 கைக்கு வந்தது. வாடகை 9,000. தரைத்தளத்தில் ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன். நாலு வருஷத்துக்கும் மேல் குடியிருந்த வீடு. ஒரு மாத நோட்டீஸ், வண்டி பிடித்தது, சாமான் ஏற்றியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் அந்தப் பிடித்தக் கணக்கில்தான், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் பல ஓனர்களிடம் அட்வான்ஸ் பணம் பணமாக இருக்காது. மாடி கட்டவோ, பெண் கல்யாணத்துக்கோ எப்போதோ செலவாகியிருக்கும். அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் தருவார்கள். அதுவரை நாளைக் கடத்த வேண்டும், அதற்கு வாகான வழி இந்தப் பிடித்தப் பேச்சு. “பெயிண்ட் அடிச்சுப் பார்த்தாத்தான்பா எவ்ளோன்னு தெரியும், சாவியை வச்சுட்டுப் போ” என்றார் எங்கள் ஓனர். நடுவில் பேச வந்த புரோக்கரும் அதையே சொன்னார்.

சாவியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சாவி நம்மிடம் இருக்கும்வரை வீடு நம் வசம்தான் என்று வாடகையை ஓட்டிக்கொண்டே போவார்கள். 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அந்த ஒரு மாதம் ஓட ஆரம்பிக்க, காலி செய்த தேதிக்கு அத்தாட்சி வேண்டும். சாவி வாங்கிக்கொண்டேன் என்று எழுதித் தர ஓனர் மறுத்துவிட்டார். அதனால் சாவி கொடுத்த கையோடு, அவர் வீட்டு வாசலிலேயே நின்று வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்: “அண்ணே, இன்று காலை வீட்டைக் காலி செய்து மூன்று சாவிகளையும் உங்களிடம் கொடுத்துவிட்டோம். சப்-மீட்டர் ரீடிங் 4817, போட்டோ இணைத்திருக்கிறோம். இந்த மாத வாடகை கட்டியாயிற்று. அட்வான்ஸ் 70,000 ரூபாயை இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்கள்.” அவர் பதில் போடவில்லை. ஆனால் பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம்.

அடுத்த தலைவலி பிடித்தப் பட்டியலை எழுத்தில் வாங்குவது. வாயால் சொல்லும்போது தொகை ஒவ்வொரு முறையும் மாறியது. நாங்கள் எதிர்த்துப் பேசாமல், “சரிண்ணே, எது எதுக்கு எவ்வளவுன்னு அனுப்புங்க, வீட்ல காட்டணும்” என்று மட்டும் கேட்டோம். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டோ அனுப்பினார். பெயிண்டிங் 21,000, பின்சுவர் பூச்சு 8,500, ஜன்னல் கம்பி துரு 3,000, குழாய் சுவிட்ச் 1,850, கரண்ட் 1,640. எழுத்தில் வந்துவிட்டால் அதற்குமேல் புதிதாக எதையும் சேர்ப்பது அவருக்குக் கஷ்டம். நமக்கும் வரிவரியாகப் பதில் சொல்ல வழி கிடைக்கிறது.

பதில் சொல்லும் ஆதாரம் அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டுமானம் சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பக்கம். குழாய், வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கழிவுநீர் அடைப்பு எல்லாம் வாடகைக்கு இருப்பவர் பக்கம். சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானம் நம் கணக்கில் வராது. ஆனால் அக்ரிமெண்டில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்ளப்படும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதிலிருந்து தப்பிப்பது கஷ்டம். அப்போது கவனிக்க வேண்டியது, அந்த ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொண்டு பெயிண்டர் கொட்டேஷனையும் தனியாகக் கேட்கிறாரா என்பதைத்தான். எங்கள் அக்ரிமெண்டில் அப்படி ஒரு வரி இல்லை. சாதாரணத் தேய்மானம் நீங்கலாக ஏற்படும் சேதத்துக்கு வாடகைதாரர் பொறுப்பு என்று மட்டும் இருந்தது.

பெரிய சண்டை பின்சுவருக்குத்தான். தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை உப்பு பூத்துப் பெயிண்ட் பொரிந்து, கையை வைத்தால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. கடல் பக்கத்து ஏரியாவில், பழைய செங்கல் சுவரில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் வந்தது என்பது ஓனர் வாதம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஈரம் தரையிலிருந்து கிளம்பிச் சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றால், அது அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற நிலத்தடி ஈரம். ஒரே இடத்தில் திட்டாக இருந்து, அந்தப் பக்கம் பாத்ரூமோ குழாயோ இருந்தால் லைன் கசிகிறது. இரண்டுமே ஓனர் பொறுப்பு. பீரோவுக்குப் பின்னால் மட்டும் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் அது காற்றோட்டமில்லாமல் வந்தது, அங்கே நம்மைக் கேள்வி கேட்க இடமுண்டு.

காலி செய்வதற்கு முன்பே ஒரு பாலிதீன் தாளை அந்தச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுத்தோம். சுவரைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது, அறையைப் பார்த்த பக்கம் காய்ந்து கிடந்தது. சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறது என்பதற்கு இது போதும். அறையின் ஈரம்தான் காரணமென்றால் வெளிப்பக்கம் நனைந்திருக்கும். பிரித்து எடுப்பதை வீடியோவாகவே எடுத்தோம்.

குடிவந்தபோது எடுத்த போட்டோ இல்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். போனில் பழைய ஆயுத பூஜைப் படம் ஒன்று கிடைத்தது. பொரி, சுண்டல், பொட்டு வைத்த சைக்கிள், அதற்குப் பின்னால் அதே சுவரில் அதே வெள்ளைத் திட்டு. குடிவந்த முதல் வருஷத்துப் படம், தேதியும் போனிலேயே பதிவாகியிருந்தது. பிறந்தநாள், பொங்கல் படங்களையெல்லாம் இப்படித் தேடுங்கள். முகத்தைப் பார்க்காமல் பின்னாலிருக்கும் சுவரைப் பாருங்கள்.

பெயிண்டிங் தொகைக்கு அளவு கேட்டோம். சதுர அடிக்கு 14 ரூபாய், மொத்தம் 1,500 சதுர அடி என்று கொட்டேஷன். சீலிங் உட்பட முழு வீடு. நாலு வருஷம் பழசான பெயிண்டைப் புதுசாக்கும் செலவு அது. அதை நம் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஹாலின் ஒரு சுவரில் ஷெல்ஃப் மாட்ட நாங்கள் போட்ட டிரில் ஓட்டைகள் இருந்தன. அது தேய்மானம் இல்லை, சேதம். அந்தச் சுவர் 12 அடிக்கு 10 அடி. 120 சதுர அடிக்கு அவர் சொன்ன ரேட்டிலேயே 1,680, ஓட்டை அடைத்துப் பட்டி பார்க்க 500, ஆக 2,180 ரூபாயை நாங்களே ஒப்புக்கொண்டோம். நியாயமானதை நாமே முன்வந்து கொடுத்தால் மற்றதை மறுக்கும்போது பேச்சு எடுபடுகிறது. ஜன்னல் கம்பித் துரு உப்புக்காற்றின் வேலை, பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு, அதற்கு எதுவும் இல்லை. குழாய்க்கும் சுவிட்சுக்கும் ஹார்டுவேர் கடை பில் கேட்டோம். பில்லில் இருந்தது 1,120 தான்.

கரண்ட் கணக்கைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பேச்சு. ஓனர் 205 யூனிட் போட்டிருந்தார். நாங்கள் போன பிறகு பெயிண்ட் வேலைக்கு ஓடிய ஃபேனும் லைட்டும் அதில் சேர்ந்திருந்தன. சாவி கொடுத்த அன்றைய 4817-இலிருந்து முந்தைய ரீடிங் 4654-ஐக் கழித்தால் 163 யூனிட், 1,304 ரூபாய். ஆக மொத்தப் பிடித்தம் 4,604.

இதற்கிடையில் வீணான அலைச்சலும் உண்டு. போலீஸ் ஸ்டேஷனில், இது சிவில் விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். வாடகை அதிகாரியிடம் போகலாம் என்று விசாரித்தால் முதல் கேள்வியே டி.ஆர். நம்பர் இருக்கிறதா என்பதுதான். tenancy.tn.gov.in தளத்தில் அக்ரிமெண்டைப் பதிந்தால் கிடைக்கும் எண் அது. எங்களுடையது முத்திரைத்தாளில் போட்ட பதினோரு மாத அக்ரிமெண்ட், அதன்பிறகு வாய்ப்பேச்சில் ஓடியது. பதியலாம் என்றபோதெல்லாம் ஓனர் தட்டிக்கழித்துவிட்டார். இனி வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இந்தப் பதிவைப் பேசி முடித்துவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு யாரும் காது கொடுப்பதில்லை.

பலித்தது ஒரு கடிதம். வக்கீல் நோட்டீஸ்கூட இல்லை. வெள்ளைத்தாளில் அவருடைய ஐந்து வரிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாங்கள் ஒப்புக்கொள்ளும் தொகை, காரணம், எந்தப் படம் ஆதாரம் என்று குறித்து, 65,396 ரூபாயைப் பதினைந்து நாளில் தரும்படி கேட்டோம். தராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுப்போம் என்று ஒரு வரி. வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேச அங்கே வழி உண்டு, 15100-க்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் பணத்துக்கான சிவில் வழக்கு, அதற்குக் கெடு மூன்று வருஷம். கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் டெலிவரி அத்தாட்சியோடு அனுப்பி, நகலை வாட்ஸ்அப்பிலும் போட்டோம். வாங்க மறுத்துக் கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். மறுத்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

கடிதம் சேர்ந்த பிறகு ஓனரின் மகன் பேச வந்தார். சுவர் வீடியோவையும் ஆயுத பூஜைப் படத்தையும் பார்த்துவிட்டு, “அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன் சார், ரவுண்டா அறுபத்தஞ்சு வாங்கிக்குங்க” என்றார். 396 ரூபாயை விட்டுக்கொடுத்தோம்.

இதிலும் கடைசியாக ஒரு கவனம் தேவைப்பட்டது. ‘அட்வான்ஸ் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று டைப் செய்த தாளோடுதான் வந்தார், கூடவே 25,000-த்துக்கு ஒரு செக். மீதியை அடுத்த வாரம் தருகிறேன் என்றார். கையெழுத்துப் போடவில்லை. அந்த 25,000-த்துக்கு மட்டும், செக் நம்பரையும் தேதியையும் குறிப்பிட்டு, ‘பணமானால்’ என்று சேர்த்துத் தனி ரசீது எழுதிக் கொடுத்தோம். செக் பாஸாகி, மீதி 40,000 அக்கவுண்டில் ஏறிய பிறகுதான் அவர் தாளில் கையெழுத்துப் போட்டு, பழைய அக்ரிமெண்டைத் திரும்ப வாங்கினோம்.