43 கெல்வினில் ஒரு ஏற்றம்: வெளி நிறுவனத்தில் எனக்குக் கூட்டாளி கிடைத்த விதம்

பிஎச்.டி. இரண்டாம் வருடம், அணுசக்தித் துறையின் திடநிலை இயற்பியல் மாநாட்டுக்கு போஸ்டர் கொண்டுபோயிருந்தேன். மாங்கனீசு கலந்த ஓர் ஆக்சைடைக் குளிர்வித்து எடுத்த காந்த அளவீடு அது. 43 கெல்வின் அருகே கோடு சட்டென்று மேலேறும். அந்தப் படத்தைத்தான் நடுவில் பெரிதாகப் போட்டிருந்தேன்.

ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இது Mn₃O₄ இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். அந்தச் சேர்மமும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில்தான் காந்தமாகும். நூற்றுக்கு ஒரு பங்கு கலந்திருந்தாலே கோட்டைத் தூக்கிவிடும். அவ்வளவு சிறிய கலப்பு ஆய்வகத்து எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். வெப்பக் கொள்ளளவை அளந்தால் விஷயம் தெளிவாகும் என்றார். பொருள் முழுவதும் மாறினால் அங்கே ஒரு கூர்முனை எழும், கலப்பு மட்டும் என்றால் அநேகமாக ஒன்றும் தெரியாது. எங்கள் துறையில் அந்தக் கருவி இல்லை. "இதை நன்றாகச் செய்பவர்கள் யார் சார்?" என்று கேட்டேன். ஒரு குழுவின் கட்டுரையைச் சொன்னார். போஸ்டர் அருகே நிற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அவரையே செய்து தரச் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பொடி எங்கள் லேப்பின் சொத்து என்பதால் முதலில் கைடிடம் சம்மதம் வாங்கினேன். பிறகு கட்டுரையின் பொறுப்பு ஆசிரியருக்கும் முதல் ஆசிரியருக்கும் சேர்த்தே மெயில் போட்டேன். கருவியில் உட்கார்ந்து அளந்தவர் பெரும்பாலும் முதல் ஆசிரியராகத்தான் இருப்பார். மெயிலின் சாரம் இவ்வளவுதான்: "உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் இருப்பது போன்ற அளவீடு எங்கள் பொடிக்கும் தேவைப்படுகிறது. 43 கெல்வினில் காணும் ஏற்றம் Mn₃O₄ கலப்பால் வருகிறதா என்பதே கேள்வி. 10 மில்லிகிராம் வில்லை தயாராக உள்ளது. 2 முதல் 100 கெல்வின் வரை ஒருமுறை அளக்க முடியுமா?" ஒரே ஒரு படம் இணைத்தேன். "இணைந்து பணியாற்ற ஆர்வம்" என்று மட்டும் எழுதி, நீண்ட சுயவிவரத்தை இணைத்து வரும் மெயிலைப் படிப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

முதல் ஆசிரியர்தான் பதில் எழுதினார். வில்லையை அனுப்பும் முன்பே, முடிவு எதுவானாலும் அளவீடு கட்டுரையில் வந்தால் அவர்கள் பெயரும் வரும் என்று கைடு எழுதிவிட்டார். உறையின் மேல் சேர்மம், தொகுப்பு எண், சூடாக்கிய வெப்பநிலை மூன்றையும் எழுதினேன்.

43 கெல்வினில் கூர்முனை இல்லை. ஆனால் 20 கெல்வினுக்குக் கீழே, காந்தக் கோட்டில் நான் கவனிக்காமல் விட்ட இடத்தில், தெளிவாக ஒன்று எழுந்திருந்தது. அப்புறம் அவரை எங்கள் துறைக் கருத்தரங்குக்கு அழைத்தோம். பேச்சு முடிந்து லேப்பில் உட்கார்ந்து, மும்பையிலுள்ள துருவா அணு உலையில் நியூட்ரான் அளவீட்டுக்கான விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதினோம். அதற்கு மில்லிகிராம் போதாது, சில கிராம் பொடி வேண்டும். இப்போது கலப்பில்லாத புதுத் தொகுப்பைச் சூளையில் வைத்திருக்கிறேன்.