அடியில் கிடக்கும் சர்க்கரை

டிசம்பர் 9
வடக்குச் சரிவில் 40 செ.மீ. பனிதான் இருக்கிறது. பத்து நாளாக மேகமில்லாமல் கடுங்குளிர். பனிச்சரிவு அபாயத்தைப் பார்க்கப் பனியில் குழி வெட்டித் தெர்மாமீட்டரைச் செருகினேன். தரையை ஒட்டி 0 டிகிரி, மேற்பரப்பில் மைனஸ் 12. பத்து செ.மீ.க்கு ஒரு டிகிரி வித்தியாசம் வந்தாலே படிகங்கள் மாறத் தொடங்கிவிடும். இங்கே அதைப்போல மூன்று மடங்கு. கீழே இருக்கும் பனி ஆவியாகி மேலேறி, குளிர்ந்த படிகங்களில் போய் ஒட்டுகிறது. அடிப்பனியை ஒரு கை அள்ளினேன். உருண்டை பிடிக்க வரவில்லை, சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் கொட்டியது. லென்ஸில் பார்த்தால் கோடு போட்ட குட்டிக் கிண்ணங்கள்.

ஜனவரி 14
மூன்று நாள் புயல், காற்றோடு. சர்க்கரைக்கு மேல் இப்போது 70 செ.மீ. இறுகிய பலகை. 30 செ.மீ. சதுரத்தில் ஒரு தூண் வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டினேன். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து மூன்றாவது தட்டில் மேல்பகுதி முழுசாக வழுக்கி என் மடியில் விழுந்தது. திரும்பும் வழியில் சமதளத்தில் கால் வைத்ததும் 'உம்ப்' என்று ஒரு சத்தம். அடி அடுக்கு உடைந்து பனி அமுங்கியது. அந்தச் சத்தத்துக்கு அப்புறம் சோதனையே தேவையில்லை.

பிப்ரவரி 20
தூண் வழுக்கத் தேவைப்படும் தட்டு எண்ணிக்கை கூடியிருக்கிறது, பிடிமானம் கொஞ்சம் தேறியிருக்கிறது. சரிவில் யாரோ பனிச்சறுக்கிய தடம். தடம் இருப்பதால் சரிவு பத்திரம் என்று ஆகிவிடாது. பலகை மெலிந்த இடத்தை அவர் மிதிக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 18
இரண்டு நாளாகப் பகலில் 6 டிகிரி. அதைவிட எனக்கு உறுத்துவது ராத்திரி மேகம். வானம் தெளிந்திருந்தால் பனி தன் வெப்பத்தை விட்டு மேலே உறைந்துவிடும். மேகம் போர்வை போட்டது போல அதைத் தடுக்கிறது. காலையிலேயே முழங்கால் வரை புதைந்தேன். குழியில் மேலிருந்து கீழ்வரை 0 டிகிரி. உருகிய நீர் பலகைக்குள் இறங்கி, பருமணல் போன்ற சர்க்கரை அடுக்குக்கு மேலேயே தேங்கி நிற்கிறது. பலகையின் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைப்பதால் அது எளிதில் கீழே போகாது. ஏற்கெனவே பலமில்லாத பிடிமானம் அங்கே ஊறிக்கொண்டிருக்கிறது. பாறைகளின் ஓரமிருந்து பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தன. வேலையை நிறுத்திக் கீழே இறங்கிவிட்டேன்.

மார்ச் 19
பிற்பகல் 2.40. 38 டிகிரி சாய்ந்த வடக்குச் சரிவில் பனி தரைவரை வழித்துக்கொண்டு போய்விட்டது. மேலே யாரும் இல்லை. எதிர்மேட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன்: மேல்விளிம்பு ஓர் ஆள் மார்பளவு உயரம், கீழே பழுப்புப் புல். பக்கத்துச் சரிவிலும் இதே அடுக்குகள், இதே சாய்வு. அது இன்னும் விழவில்லை. மணி ஏழு ஆகிறது, மேகம் அப்படியே நிற்கிறது.