எல்லாக் கண்டியும் 356 கிலோ இல்லை

மூன்று வாரம் வீணாய்ப் போன எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. 1930-களில் கடலூரிலிருந்து கப்பலேறிய மணிலாப் பருப்பின் சரக்குச் சீட்டுகளை ஆய்வுக்காகக் கிலோவுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். காப்பகத்தில் அனுமதி வாங்கியது, படம் எடுத்தது எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

ஒரு சீட்டில் 40 கண்டி என்று இருந்தது. எங்கள் ஊர் நூற்பாலைகளில் பஞ்சுக் கண்டி என்றால் 356 கிலோ, அதையே போட்டு 14,240 கிலோ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டங்களில் 8, 18, 2, 8 என்று நான்கு எண்கள். முதலாவது டன், அடுத்தது குவிண்டாலாக இருக்கும் என்று கூட்டினால் 9,800 சொச்சம்தான் வந்தது. அன்றைய குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டார் என்று முடிவுகட்டி அட்டவணையைக் கொடுத்தேன். நெறியாளர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

கட்டங்களின் தலைப்பு என் படத்தில் விழவே இல்லை, அது கட்டின் முதல் தாளில் மட்டும் இருக்குமாம். மறுபடி பஸ் ஏறிப் போனால், "கட்டு தைக்கப் போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்றார் அங்கிருந்தவர், தலையைக்கூட நிமிர்த்தாமல். தயவுசெய்து தலைப்புத் தாளை முதலில் படம் எடுங்கள்.

கடைசியில் வழி காட்டியவர் மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். 18-ஐப் பார்த்ததும், "தம்பி, பத்துக் குவிண்டால் சேர்ந்தா டன்னாயிடுமே, டன்னுக்குக் கீழே 18 எப்படி நிக்கும்?" என்றார். அது அந்தர், 112 பவுண்டு. இருபது அந்தர் ஒரு பழைய டன், அதாவது 2,240 பவுண்டு, இன்றைய டன்னைவிட 16 கிலோ கூடுதல். மூன்றாவது கட்டம் கால் அந்தர், 28 பவுண்டு. கடைசி வெறும் பவுண்டு.

உட்கார்ந்து போட்டோம். 17,920, 2,016, 56, 8. கூட்டினால் சரியாக 20,000 பவுண்டு! நாற்பதால் வகுத்தால் கண்டிக்கு 500 பவுண்டு, அதுதான் சென்னைக் கண்டி. கிலோவில் 9,072, இன்றைய கணக்கில் 90.72 குவிண்டால். நான் எழுதியது ஐந்து டன்னுக்கு மேல் அதிகம், குமாஸ்தா எழுதியதில் ஒரு பவுண்டுகூடப் பிசகில்லை.

பம்பாய்ச் சீட்டு கையில் கிடைத்தால் அங்கே கண்டி 560 பவுண்டு, பஞ்சுக்கு மட்டும் 784, இந்த 784-தான் நம் 356 கிலோ. அதனால் வெளியிலிருந்து எண்ணைக் கொண்டுவராமல், பவுண்டைக் கண்டியால் வகுத்து அந்தத் தாளுக்குள்ளேயே கண்டியின் எடையைக் கண்டுபிடியுங்கள். அப்புறம், மாதிரிப் பொட்டலத்தில் 4 அவுன்ஸ் என்றிருந்தால் 113 கிராம். தங்கத்துக்கான 31.1 கிராம் அவுன்ஸை அங்கே போடக்கூடாது.

மீதிச் சீட்டுகளில் இரண்டு மட்டும் 500-க்கு ஒத்துவரவில்லை. அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், கட்டு தைத்து வந்ததும் மூலத்தைப் பார்க்க வேண்டும்.