இந்த வரி யாரிடம் பேசுகிறது?

குன்னூர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் நான். கோடை சீசன் நெருங்கும்போது தங்கும் விடுதிகளின் கையேடுகள் வரிசையாக வந்து சேரும். அவற்றில் எழுத்துப் பிழையைவிட எனக்குக் கவலை தருவது, எழுதியவர் விடுதிக்காரருக்குச் சொன்ன வார்த்தை சுற்றுலாப் பயணியின் கைக்குப் போய்விடுவதுதான். "நீங்கள் கேட்டபடி திருத்திய வடிவம் இதோ", "இது பயன்படும் என நம்புகிறேன்" போன்ற வரிகளைச் சொல்கிறேன். மின்னஞ்சலில் அவை மரியாதை. அச்சில் வந்தால், அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்த கூச்சம் வாசகருக்கு.

தலையிலும் வாலிலும் இருப்பவை எளிதில் கண்ணில் படும். ஒட்டுப்போட்ட இடங்கள்தான் ஆபத்து. அண்மையில் வந்த ஒரு கையேட்டை எழுதியவர் மூன்று மின்னஞ்சல்களில் பகுதி பகுதியாக அனுப்பியிருந்தார். விடுதி அலுவலகத்தில் மூன்றையும் ஒரே கோப்பில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே முதல் மின்னஞ்சலின் முடிவுரையும் இரண்டாவதின் வணக்கமும் கையேட்டின் நடுப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மலை ரயிலைப் பற்றிய பத்தி இப்படி இருந்தது:

"மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமை என்பதால் பல்சக்கரத் தண்டவாளம் உண்டு. இந்தப் பகுதியை எளிமையாக்கியிருக்கிறேன். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது."

மூன்றாவது வாக்கியத்தை வேகமாகப் படிப்பவர் தாண்டிவிடுவார். முன்னும் பின்னும் தகவல் என்பதால் அதுவும் தகவல் போலவே தோன்றும். வரிக்கு வரி நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதில் "நான்" யார், "நீங்கள்" யார்? "நான்" கையேட்டை எழுதியவராகவும் "நீங்கள்" அதை எழுதச் சொன்னவராகவும் இருந்தால் அந்த வரி வெளியே போக வேண்டும். "நீங்கள்" பயணியாக இருந்தால் இருக்கலாம். வடிவமைக்கும் தம்பி, கடைசிப் பக்கத்தில் இருந்த "உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்" என்பதைக் காட்டி, "அண்ணா, இதுவும் போகட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். அது விருந்தினரை வாழ்த்தும் வரி, அதற்கு அந்தப் பக்கத்தில் உரிமை இருக்கிறது. அதன் கீழே இருந்த "வேறு மாற்றம் தேவையானால் தெரிவிக்கவும்" மட்டும் போனது.

பாதி உரையாடல், பாதி செய்தியாக வரும் வாக்கியத்தை அப்படியே அடித்துவிட முடியாது. "நீங்கள் கேட்டிருந்த இ-பாஸ் விவரம் என்னவென்றால், அது 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, விதி மாறலாம், அச்சிடும் முன் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. முன்பாதியை நீக்கினால் "அது" அந்தரத்தில் நிற்கும். எனவே, "நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது" என்று எழுவாயைத் திருப்பிக் கொடுத்தேன். பின்பாதி பயணிக்கு உரியதல்ல. ஆனால் அதைத் தூக்கி எறிந்திருந்தால் விடுதிக்காரருக்கான எச்சரிக்கையும் சேர்ந்து போயிருக்கும். அதை அப்படியே எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் விசாரித்து ஒப்புதல் தரும்வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு விடவில்லை. நீக்குவதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

கண்ணால் பார்த்து முடித்தபின் தேடலும் போடுகிறேன். முழுச் சொல்லைக் கொடுத்தால் தமிழில் பலவும் தப்பிவிடும். "திருத்திய" என்று தேடினால் "திருத்தப்பட்ட" கிடைக்காது. "திருத்" என்று நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டும் அகப்படும். "ருக்கிறேன்", "நம்பு", "தேவையானால்", "மேலே", "கீழே" ஆகியவற்றையும் பார்க்கிறேன். கடைசி இரண்டும், நீக்கிய வரியைச் சுட்டிக்கொண்டு தனியாக நிற்கும் சொற்களைக் காட்டிக்கொடுக்கும். இதையெல்லாம் ஒருங்குறிக் கோப்பிலேயே முடித்துவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிட்டால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு. ஒருங்குறியில் தட்டும் சொல் அங்கே அகப்படாது, "இல்லை" என்ற பதிலை நம்பி ஏமாற நேரும்.

எழுதித் தருபவர்களிடம் இப்போது ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். விளக்கம், வணக்கம், சந்தேகம் எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும். அச்சேற வேண்டியது மட்டும் தனிக் கோப்பாக இணைப்பில் வரட்டும். பெரும்பாலோர் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பத்தி பத்தியாக அனுப்புபவர்களோடுதான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.