இருப்பதா, விலகுவதா: இரண்டு வாளும் எட்டு கோப்பையும் சேர்ந்து விழுந்தபோது

‘இருப்பதா, விலகுவதா’ என்ற கேள்விக்கு டாரோ கட்டிலிருந்து இரண்டு வாள், எட்டு கோப்பை என்ற இந்த இரண்டு கார்டும் சேர்ந்து வந்தால் பலரும் சட்டென்று சொல்லிவிடுவது ஒன்றுதான்: இப்போது முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறீர்கள், கடைசியில் போய்விடுவீர்கள். கொஞ்ச காலமாக இந்த ஜோடியை மட்டும் எடுத்து வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். எது எந்த இடத்தில் விழுந்தது என்று பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

நான் வைத்திருப்பது 1909இல் வெளிவந்த, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர் வெயிட் கட்டு. பொருள் பட்டியலைத் தேடுவதற்கு முன்னால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நிலா இருக்கிறது, இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு வாளில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு, வாள்களை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளை யாரும் கட்டிப்போடவில்லை, கையில் கயிறு கிடையாது (கட்டிப்போட்டிருப்பது எட்டு வாளில், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது). எட்டு கோப்பையில் சிவப்பு அங்கி போட்ட ஒருவர் கோலூன்றி நமக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறார். கோப்பைகள் எதுவும் உடையவோ கவிழவோ இல்லை. ஆனால் கீழே ஐந்து, மேலே மூன்று என்று அடுக்கியதில் மேல் வரிசையில் ஒரு இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளிதான் எனக்கு இந்தக் கார்டின் மையம். ஏதோ ஒன்று குறைகிறது, அது என்ன என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். ஒரு தோழி, இன்னொருவரோடு கூட்டாக ஒரு சின்ன வடிவமைப்புத் தொழில் நடத்துகிறாள். தொடர்வதா, பிரிந்து தனியாகச் செய்வதா என்று கேட்டாள். நான் கார்டுகளைப் போட்ட விரிப்பு எளிமையானது: இடப்பக்கம் ‘இருந்தால்’, வலப்பக்கம் ‘விலகினால்’, தேவைப்பட்டால் கீழே ஒன்று. இடப்பக்கத்தில் எட்டு கோப்பை, வலப்பக்கத்தில் இரண்டு வாள் விழுந்தன.

அதாவது ‘போகிற’ கார்டு ‘இருந்தால்’ என்ற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை ‘போ’ என்று படித்தால் இடத்துக்கு மதிப்பே இல்லாமல் போகும். நான் படித்தது இப்படி: இதே மாதிரி தொடர்ந்தால் ஆள் அங்கே இருப்பாள், மனசு ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும். வேலை நடக்கும், பணம் வரும், கோப்பைகள் அடுக்கியபடியே இருக்கும், ஆனால் அவள் அதில் இருக்க மாட்டாள். அவளிடம் கேட்டேன், புது வேலைகளுக்கு யோசனை சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது என்றாள். அப்புறம் வலப்பக்கம்: இப்போதே விலகினால் அதே கண்கட்டோடுதான் விலகுவாள், முடிவெடுத்த மாதிரி இருக்கும், ஆனால் எதைப் பார்க்க மறுத்தாளோ அது கூடவே வரும்.

இரண்டு பக்கமும் சாதகமாக இல்லாத இந்த மாதிரி நேரத்தில் மூன்றாவது கார்டை ‘நான் என்ன செய்யட்டும்’ என்று எடுத்தால் பெரும்பாலும் குழப்பம்தான் கூடும். ‘கண்கட்டை அவிழ்த்தால் என்ன தெரியும்’ என்று கேட்டு எடுத்தேன். காசுகள் வரைந்த ஆறு பென்டகிள் கார்டு வந்தது: கையில் தராசு வைத்திருக்கும் வணிகர், எதிரே மண்டியிட்டிருக்கும் இருவர், ஒருவர் கையில் காசு விழுகிறது. யார் கொடுப்பவர், யார் கை நீட்டுபவர் என்று மட்டும்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லாபத்தை எப்படிப் பிரிப்பது என்று இதுவரை எழுத்தில் வைத்ததே இல்லை, கணக்கும் முழுசாகப் பார்த்ததில்லை, கேட்டால் சண்டை வரும் என்று கேட்கவில்லை என்றாள். கோப்பை அடுக்கில் இருந்த இடைவெளியும் கண்கட்டும் ஒரே விஷயத்தைத்தான் காட்டின.

இதே கார்டுகள் இடம் மாறி, இருந்தால் இரண்டு வாள், விலகினால் எட்டு கோப்பை என்று விழுந்திருந்தால் பேச்சு வேறு. அப்போது இருப்பது வெறும் போர் நிறுத்தம், விலகுவது வருத்தத்தோடு ஆனாலும் தெரிந்தே எடுக்கும் அடி. அங்கே ‘போகலாம்’ என்ற பக்கம் சாய எனக்குத் தயக்கம் இருக்காது.

ஒரு எல்லையும் இருக்கிறது. எப்போது போவாள் என்று இந்த ஜோடி சொல்வதில்லை, எதிராளி என்ன நினைக்கிறார் என்றும் சொல்வதில்லை. கேட்பவர் பதிலைக் கேட்டதும் ‘இன்னொன்று எடு, இன்னொன்று எடு’ என்றால் அவர் வாளை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம், அங்கே கார்டை மடக்கி வைத்துவிடுவேன்.

தோழி இன்னும் விலகவில்லை. கணக்கைக் கேட்டிருக்கிறாள். அது கைக்கு வந்த பிறகு இதே கேள்வியைத் திரும்பப் போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம், அதுவரை இந்த விரிப்பு என் நோட்டில் பாதியில் நிற்கிறது.