மாப்பிள்ளையின் கார் கடனுக்கு நான் ஜாமீன்: நோட்டீஸ் வந்த பிறகு ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்த கதை

ஏப்ரல் 18ஆம் தேதி கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தங்கச்சி வீட்டுக்காரர் வாங்கிய காருக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன், அந்தக் கடனுக்கான நோட்டீஸ்தான் அது. தலைப்பிலேயே 'நான்காம் அட்டவணை' என்று இருந்தது. இரண்டு மாதத் தவணை பாக்கி, 21 நாளில் கட்டாவிட்டால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று பேங்க் எழுதியிருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "ஓ.டி. நின்னு ரெண்டு மாசமாச்சு மச்சான், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். சரி, திட்டி என்ன ஆகப்போகிறது, ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவரும் அதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து வரி வரியாகப் படித்து, தங்கச்சிக்குப் புரியும்படி ஒரு தாளில் தமிழில் எழுதினேன். இது அந்தத் தாளில் இருந்த விஷயம்தான்.

முதலில் எழுதியது, கார் நம்முடையது இல்லை. மலேசியாவில் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை சொந்தக்காரர் பேங்க், நாம் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர். ஜேபிஜே பதிவிலும் பேங்கின் உரிமை குறிக்கப்பட்டிருக்கும். மாப்பிள்ளை வண்டியை ஒரு நண்பருக்கு 'சம்போங் பாயார்' முறையில் கொடுத்து, மிச்சத் தவணையை அவரே கட்டட்டும் என்று பேசி வைத்திருந்தார். அதை அன்றே நிறுத்தச் சொன்னேன். அந்த ஆள் கட்டாமல் வண்டியோடு காணாமல் போனால் பேங்க் தேடி வருவது மாப்பிள்ளையையும் என்னையும்தான். பேங்குக்குத் தெரியாமல் அதன் வண்டியைக் கைமாற்றியது குற்ற வழக்காகவும் ஆகலாம்.

அடுத்து கணக்கு. ஒப்பந்தத்தில் காரின் மொத்த ரொக்க விலை 40,000 ரிங்கிட், முன்பணம் 4,000, கடன் 36,000. வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம், 5 வருடத்துக்கு 5,400. ஆக 41,400, அதை 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 690. மாப்பிள்ளை 43 தவணை கட்டியிருந்தார், மார்ச் 5, ஏப்ரல் 5 இரண்டும் விட்டுப் போயிருந்தன.

தவணை தவறினால் என்ன ஆகும் என்ற பகுதியில்தான் நான் பயந்ததும், அப்புறம் நிம்மதி அடைந்ததும். தாமதக் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதையும் பாக்கியான தவணை மேல் மட்டும் நாள் கணக்கில் போட வேண்டும். எங்களுக்குப் போட்டுப் பார்த்தால் ஏப்ரல் 30 வரை 12 வெள்ளி சொச்சம்தான். பெரிய செலவு வண்டியை இழுத்துக்கொண்டு போன பிறகுதான் தொடங்குகிறது. இழுத்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை எல்லாம் நம் தலையில் விழும்.

ஆனால் பேங்க் நினைத்த நேரத்தில் வந்து இழுக்க முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், அல்லது கடைசித் தவணை தவறியிருக்க வேண்டும். அப்புறம் நான்காம் அட்டவணை நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 21 நாள் பொறுக்க வேண்டும். வண்டி எடுத்தவர் இறந்துவிட்டிருந்தால் இரண்டுக்குப் பதில் தொடர்ந்து நான்கு தவணை தவறியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது, இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. கட்டவே வழியில்லை என்றால் அந்த 21 நாளுக்குள் நாமே வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைக்கலாம், அப்போது இழுத்த செலவு நம்மேல் வராது.

எல்லாவற்றையும் விட நான் அடிக்கோடு போட்டு எழுதியது 75 சதவீத விதி. கட்டிய தவணைகள் மொத்த ரொக்க விலையில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், நோட்டீஸ் மட்டும் கொடுத்து வண்டியை எடுக்க முடியாது, பேங்க் கோர்ட் உத்தரவு வாங்க வேண்டும். எங்கள் காருக்கு அந்த எல்லை 30,000 ரிங்கிட். 43 தவணை என்றால் 29,670. இன்னும் ஒரே ஒரு தவணை கட்டியிருந்தால் 30,360! எல்லைக்கு 330 ரிங்கிட் குறைவாக நிற்கும்போது மாப்பிள்ளை கையை விட்டிருக்கிறார். முன்பணத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, சட்டம் தவணைகள் என்றுதான் சொல்கிறது. எல்லையைத் தாண்டினால் கடன் தீர்ந்துவிட்டது என்றும் யாரும் நினைத்துவிடாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் அந்தச் செலவும் கேட்பார்கள். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி காணாமல் போகாது.

வண்டி போய்விட்டால் என்ன என்று தங்கச்சி கேட்டாள். எடுத்த 21 நாளுக்குள் பேங்க் ஐந்தாம் அட்டவணை நோட்டீஸ் தர வேண்டும், அது வந்து 21 நாள் ஆகும்வரை விற்கக் கூடாது. அதற்குள் பாக்கியையும் இழுத்த செலவையும் கட்டி வண்டியை மீட்கலாம், முழுக் கடனையும் அடைக்கலாம், அல்லது நாமே வாங்க ஆள் காட்டலாம். எதுவும் முடியாவிட்டால் ஏலம். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்துக்கு மாப்பிள்ளை மேலும், ஜாமீன் போட்ட என் மேலும் வழக்குப் போடலாம். முதல் இரண்டு வருடத்தில் வண்டி போகிறவர்களுக்குத்தான் இதில் அடி பலம். வண்டி விலை சீக்கிரம் இறங்குகிறது, கடன் மெதுவாகத்தான் இறங்குகிறது.

நோட்டீஸ் வந்த பதினோராம் நாள் ஒருவர் போன் செய்து, வண்டி எங்கே நிற்கிறது, சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று மாப்பிள்ளையை மிரட்டினார். மாப்பிள்ளை போனை என்னிடம் கொடுத்தார். நோட்டீஸ் 18ஆம் தேதிதான் கைக்கு வந்தது, 21 நாள் முடியவில்லை, உங்கள் பெர்மிட் எண்ணையும் பேங்க் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் அனுப்புங்கள் என்று கேட்டேன். வண்டி எடுக்க வருகிறவருக்கு அரசாங்க பெர்மிட் இருக்க வேண்டும், கேட்டால் அதையும் அடையாள அட்டையையும் காட்ட வேண்டும். அவர் மேலே பேசாமல் வைத்துவிட்டார். நோட்டீஸ் வந்த தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அன்று பெரிய தைரியமாக இருந்தது, தேதி அதில்தானே இருக்கிறது.

மறுநாள், ஏப்ரல் 30, நான் பாதி தங்கச்சி பாதி போட்டு இரண்டு தவணை 1,380 ரிங்கிட்டையும் தாமதக் கட்டணத்தையும் பேங்க் கவுண்டரிலேயே கட்டினோம். நோட்டீஸில் சொன்ன பாக்கி முழுதும் தீர்ந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். மே மாதத் தவணைக்கும் சிரமம்தான் என்பதால் மாப்பிள்ளையை ஏகேபிகே அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கடன் ஆலோசனைக்கு அங்கே காசு வாங்குவதில்லை. மாச வரவு செலவை எழுதிப் பார்த்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட பேங்கிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இதை மார்ச் மாதமே செய்திருக்கலாம், ஒரு தவணை தவறியபோதே.

அந்தத் தமிழ்த் தாளை தங்கச்சி ஒப்பந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். கீழே அவள் கையெழுத்தில் '45 தவணை, 31,050' என்று இருக்கிறது.